ஆப்பை நீக்கினேன், பணம் போய்விட்டது: மோசடி என்று புகார் கொடுக்கலாமா?

"மகனுக்காக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆப் ஒன்றில் 1 ரூபாய் கட்டி 7 நாள் இலவசமாகச் சேர்ந்தோம். பிடிக்கவில்லை என்று 5-ஆம் நாளே ஆப்பை நீக்கிவிட்டேன். 8-ஆம் நாள் வருடச் சந்தா என்று 2,999 ரூபாய் எடுத்துவிட்டார்கள். கஸ்டமர் கேரில் யாரும் எடுப்பதில்லை, பேங்கில் எரிந்து விழுகிறார்கள், வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன். மூன்று நாளுக்குள் மோசடி என்று எழுதிக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொடுக்கவா? மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?" — ஒத்தக்கடை வாசகி

வங்கி ஊழியர் பேசிய விதமும் போனை எடுக்காததும் வழக்குக்கு உதவாது. ஒரே கேள்விதான் முக்கியம்: அந்த 1 ரூபாய் கட்டும்போது யூபிஐ பின் போட்டது யார்? நீங்கள். அப்போது போனது 1 ரூபாய் மட்டுமல்ல. பிறகு இவ்வளவு தொகை வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆட்டோபே அனுமதியும் சேர்ந்தே போனது. 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகையென்றால் அடுத்த முறை பின் கேட்க வேண்டியதில்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் இது நீங்கள் அனுமதித்த பரிவர்த்தனை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் மூன்று வேலை நாள் விதி, ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்தது, அனுமதியில்லாமல் போன பணத்துக்கானது. உங்களுக்குப் பொருந்தாது.

இந்த இடத்தில்தான் பலரும் விழுகிறார்கள். வங்கிப் படிவத்தில் 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள், அல்லது 1930-க்குப் போன் போட்டு சைபர் புகார் கொடுக்கிறார்கள். நிறுவனம் அனுமதிப் பதிவையும், உங்கள் மொபைல் எண்ணில் லாகின் ஆன நேரத்தையும், பையன் பார்த்த பாடங்களையும் எடுத்து நீட்டும். வங்கி புகாரை மூடிவிடும். நஷ்டம் அதோடு நிற்காது. பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் 'நான்தான் சேர்ந்தேன், ரத்து செய்ய வழி வைக்கவில்லை' என்று பிரமாணப் பத்திரம் போட்டால், எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது உங்கள் பழைய புகாரைத்தான். சேரவே இல்லை என்றவர், சேர்ந்தேன் என்கிறார். நியாயமான வழக்கும் அதில் செத்துப்போகும். அதனால் மோசடி என்ற சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள்.

ஆப்பை நீக்கியதால் சந்தாவும் ரத்தாகவில்லை, ஆட்டோபேயும் ரத்தாகவில்லை. இன்றைக்கே ஆப்பை மறுபடி இறக்கி லாகின் செய்யுங்கள். பாடம் எதையும் திறக்க வேண்டாம். பணம் எடுத்த பிறகும் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல இடம் கொடுத்துவிடும். சந்தாவை ரத்து செய்யும் பொத்தானைத் தேடுங்கள், தேடுவதை ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுங்கள். பொத்தான் இல்லை, அல்லது பத்துத் திரை தாண்டி ஒளிந்திருக்கிறது என்றால் உங்கள் கை ஓங்குகிறது. இப்படிச் சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் வைப்பதைச் 'சந்தாப் பொறி' என்று 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. முதலில் சந்தாவை ரத்து செய்து படம் எடுத்துக்கொண்டு, பிறகு யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியையும் ரத்து செய்யுங்கள். இரண்டாவதை மட்டும் செய்தால் பணம் எடுப்பது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது.

அடுத்து எஸ்எம்எஸ் பெட்டி. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும்; அதைப் பார்த்ததும் அந்தப் பிடித்தத்தை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. விளம்பரம் என்று நினைத்து அழிப்பவர்களே அதிகம். செய்தி வந்திருந்தால் வங்கியை விட்டுவிடுங்கள். வரவே இல்லையென்றால் வங்கிக்கு அதை மட்டும் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in-இல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம்.

நிறுவனத்துக்குப் போன் வேண்டாம், மின்னஞ்சல் போதும். சேர்ந்த தேதி, ஆப்பை நீக்கிய தேதி, பணம் போன தேதி, 8-ஆம் நாளுக்குப் பிறகு ஒரு பாடம்கூடப் பார்க்கவில்லை என்பது: இந்த நான்கும் இருந்தால் போதும். கூடவே 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள்.

வழக்கு? மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடம் போதும். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் 2,999 ரூபாய்க்கு வாய்தா வாய்தாவாக அலைந்தால் பேருந்துச் செலவும் வேலை கெடுவதும் அதைத் தாண்டிவிடும். மன உளைச்சலுக்குப் பெரிய தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். 'முழுத் தீர்வு, வேறு கோரிக்கை இல்லை' என்ற பதிலை மட்டும், பணம் கணக்கில் ஏறிய பிறகு அனுப்புங்கள்.