நிகோடின் சூயிங்கம்: விக்கல் வருது, தவிப்பு போகலை

கேள்வி: நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பேன். எழுந்ததும் முதல் வேலையே அதுதான். நிறுத்தலாம் என்று மெடிக்கலில் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் ஓர் அட்டை வாங்கினேன். மென்றால் தொண்டை எரியுது, விக்கல் நிற்க மாட்டேங்குது. ஆனால் டீக்கடையில் நின்றால் சிகரெட் ஆசை அப்படியே இருக்கு. டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அட்டையில் 'நிகோடின் பொலாக்ரிலெக்ஸ் 2 மி.கி.' என்றும் காலாவதி மாதமும் தெளிவாக அச்சாகி, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக மூடியிருந்தால் சரக்கைச் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் எரிச்சலும் விக்கலும், அதற்குள் நிகோடின் இருப்பதையும் அது போகக்கூடாத இடத்துக்குப் போவதையும்தான் காட்டுகின்றன.

இது வாயில் வேலை செய்யும் மருந்து. கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக நிகோடின் நேராக ரத்தத்தில் ஏற வேண்டும். மிட்டாய்க் கடைச் சூயிங்கம் போல விடாமல் மென்றால் சாறு வேகமாக எச்சிலில் இறங்கி, நீங்கள் அதை விழுங்கிவிடுவீர்கள். வயிற்றுக்குப் போன நிகோடினில் பெரும்பகுதியை, ரத்த ஓட்டத்தில் கலக்கும் முன்பே கல்லீரல் சிதைத்துவிடும். விழுங்கியதற்குப் பலனாகத் தொண்டை எரிச்சல், விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் மட்டும் கிடைக்கும். அரை அட்டையோடு தூக்கிப் போட்டவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

வெற்றிலை போடுபவர்கள் புகையிலையைக் கடைவாயில் அடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கும் அந்த 'அடக்கு'தான் உயிர். துண்டை வாயில் போட்டு நிதானமாக மெல்லுங்கள். பத்துப் பதினைந்து கடி போனதும் மிளகு கடித்தது போல ஒரு காரமோ, நாக்கில் சுருசுருப்போ வரும். அந்த நொடியே மெல்வதை நிறுத்தி, துண்டைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி அடக்குங்கள். ஒரு நிமிடம் போல அப்படியே இருக்கட்டும். சுருசுருப்பு அடங்கிய பிறகு மறுபடி சில கடி. காரம் வந்ததும் இந்த முறை எதிர்ப்பக்கக் கன்னத்தில் அடக்குங்கள். ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தால் அங்கே ஈறு புண்ணாகும். எத்தனை கடி என்று எண்ண வேண்டியதில்லை, காரம் சொல்வதைக் கேட்டால் போதும். சுமார் அரைமணி நேரத்தில் எவ்வளவு மென்றாலும் காரம் வராது. அப்போது துப்பிவிடலாம்.

சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. அரைமணி நேரத்தில் பெரும்பகுதி துண்டு அசையாமல் கிடந்திருக்க வேண்டும், தாடை வலிக்கக் கூடாது, விக்கல் வரக்கூடாது. விக்கல் தொடங்கினால் வேகமாக மெல்கிறீர்கள் என்று பொருள்; அடக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

அடுத்தது உங்கள் டீக்கடை. நிகோடின் காரத்தன்மை கொண்டது; இது நாக்கில் படும் காரமல்ல, புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு, எதிரான தன்மை. வாயும் காரத்தன்மையோடு இருந்தால்தான் அது கன்னத் தோலைத் தாண்டும். அதற்காகவே சூயிங்கத்துக்குள் சோடா உப்பு வகை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். புளிப்பான எதைக் குடித்தாலும் அந்த ஏற்பாடு கெட்டுவிடும்: நிகோடின் மின்னேற்றம் பெற்று எச்சிலிலேயே தங்கி, தோலைத் தாண்டாமல் வயிற்றுக்குப் போய்விடும். காபியும் கோலாவும் இந்த மருந்து ஏறுவதைத் தடுப்பதை 1990-லேயே அமெரிக்காவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எலுமிச்சை சோடா, பழச்சாறு, மோர், ரசம் எல்லாமே புளிப்புதான். பால் சேர்த்த டீ அவ்வளவு புளிப்பில்லை என்று சலுகை எடுக்க வேண்டாம். எதைக் குடித்தாலும் வாயில் ஊறிய நிகோடினை அது கழுவிக்கொண்டு போகும். சாப்பிட்டு, குடித்து முடித்த பின் 15 நிமிடம் கழித்தே துண்டை வாயில் போட வேண்டும். அது வாயில் இருக்கும் அரைமணி நேரமும் எதுவும் உள்ளே போகக் கூடாது. துப்பிய பிறகு தாராளமாகக் குடிக்கலாம்.

இனி அளவு. நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதைவிட, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பதே சரியான அளவுகோல். 30 நிமிடத்துக்குள் என்றால் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. உங்களுக்கு எழுந்ததுமே வேண்டியிருப்பதால் 4 மி.கி.தான் பொருந்தும். நம் நாட்டில் 2 மி.கி.யைச் சீட்டில்லாமல் தருவார்கள், 4-க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டு வாங்கும்வரை இரண்டு துண்டை ஒன்றாகப் போட்டு மெல்லாதீர்கள். இடைவெளியைக் குறைத்து மணிக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அடிக்கடி வருபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் 2 மி.கி.யையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆசை வந்த பிறகு எடுத்துப் போடுவதுதான் அடுத்த தவறு. சிகரெட் நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொடும். சூயிங்கம் உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். டீக்கடை வாசலில் நின்றுகொண்டு பிரித்தால் பக்கத்தில் இருப்பவர் பற்றவைத்ததுதான் ஜெயிக்கும். தவிப்பு வரும் நேரங்கள் உங்களுக்கே தெரியும், அதற்கு அரைமணி முந்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் நாள் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காபிக்கு முன்னால் 6-க்கு முதல் துண்டு, 6.30-க்குத் துப்பிவிட்டுக் காபி. 7.15-க்கு இரண்டாவது. 8-க்குச் சிற்றுண்டி, 9-க்கு மூன்றாவது. 11 மணி டீக்குப் போக வேண்டுமா? 10.15-க்கே போட்டு 10.45-க்குத் துப்பிவிடுங்கள். டீ கையில் இருக்கும்போது ரத்தத்தில் நிகோடின் போதுமான அளவில் இருக்கும், டீயும் அதைக் கெடுக்காது. பிறகு 11.45, சாப்பாட்டுக்குப் பின் 1.45, நாலு மணி டீக்கு முன்பாக 3.15, அப்புறம் 5, 6.30, கடைசியாக 8.30. மொத்தம் பத்து. முதல் ஆறு வாரம் நாளுக்கு ஒன்பதுக்குக் குறையக் கூடாது. இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டு 'பலனில்லை' என்பவர்களே அதிகம். எதிர்பாராமல் தவிப்பு வந்தால் நடுவில் ஒன்று கூட்டலாம். ஆனால் 4 மி.கி. எடுப்பவர் நாளுக்கு 15-ஐத் தாண்ட வேண்டாம்.

ஆறு வாரம் முடிந்ததும் அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. நாளுக்குப் பத்து, ஆறு, மூன்று என்று போட்டால் 420, 126, 63 எனச் சுமார் 610 துண்டு. பத்துத் துண்டு அட்டையாக 61. இந்தப் பன்னிரண்டு வாரத்தில் உங்கள் கணக்குக்கு 1,260 சிகரெட். உங்கள் கடை விலையைப் போட்டு இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். முதலில் இரண்டு மூன்று சுவைகளில் ஒவ்வோர் அட்டை வாங்கிப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, பிறகு வாரக் கணக்கில் வாங்குங்கள். அதே அலமாரியில் 'மூலிகை' என்று வைத்திருக்கும் சூயிங்கத்தில் நிகோடின் இருக்காது, பெயரைப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, பீடி பிடிப்பவர். பல்செட்டில் சூயிங்கம் ஒட்டிக்கொள்கிறது. சப்புகிற மாத்திரை நல்லதா?

பதில்: பல்செட் உள்ளவருக்கு அதுதான் தோது. நிகோடின் லாசெஞ்ச் என்று கேளுங்கள். 2, 4 மி.கி. கணக்கும், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்ற அளவுகோலும், 15 நிமிட விதியும் அப்படியே பொருந்தும். கடிக்கவோ விழுங்கவோ கூடாது. கன்னத்தில் அடக்கி அவ்வப்போது பக்கம் மாற்றினால் இருபது முப்பது நிமிடத்தில் கரையும். நம் வீட்டுப் பெரியவர்கள் பாதியில் பொறுமையிழந்து கடித்து நொறுக்கிவிடுவார்கள். உடனே விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். அப்போது மாத்திரையைக் குறை சொல்லாமல் கடித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம், நாளுக்கு இருபதுக்கு மேல் வேண்டாம், ஒன்று கரைந்த கையோடு அடுத்ததைப் போடவும் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சிரைப்பு என எதற்காவது அவர் மருந்து எடுப்பவரானால், பீடியை நிறுத்தப் போவதை அந்த மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புகை நின்றால், மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின் போன்ற சில மருந்துகள் உடம்பில் மெதுவாகக் கழியும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: சூயிங்கம் வாயில் இருக்கும்போதே ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். விஷமாகிவிடுமா?

பதில்: ஆகாது. ஒரு சிகரெட்டுக்காகச் சூயிங்கத்தை விட்டுவிட வேண்டாம், அடுத்த நேரத்துக்கு அடுத்த துண்டைப் போடுங்கள். தலைசுற்றல், வியர்வை, வாந்தி, படபடப்பு வந்தால் மட்டும் நிகோடின் கூடிவிட்டது என்று பொருள். வாயில் இருப்பதைத் துப்பி வாயைக் கொப்பளியுங்கள். அடங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இப்படித் தவறுவது வாரத்துக்கு நான்கைந்து முறை நடந்தால், எந்த நேரத்தில் என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் துண்டே போட்டிருக்க மாட்டீர்கள். பேசி ஆலோசனை கேட்க 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.

துப்பிய துண்டிலும் நிகோடின் மிச்சம் இருக்கும். காகிதத்தில் சுற்றி, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்கள்.