ஒரு டப்பா தீர்ந்தா என்ன செய்யணும்? கேஸ் சிலிண்டர் கிட்ட கத்துக்கலாம்

கேள்வி: சார், நாங்க ஈரோட்ல இருக்கோம், நான், வீட்டுக்காரர், மாமியார், ரெண்டு பசங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறோம். மாசம் பொறந்ததும் 12,000க்கு மளிகை வாங்கிடறோம், அப்புறமும் பக்கத்து கடை, டெலிவரி ஆப்னு இன்னொரு 5,500 போகுது. கடுகு மூணு பாக்கெட் கிடக்கும், பருப்பு இருக்காது. எண்ணெய டின்னாவே வாங்கிட்டா மிச்சமாகுமா?

பதில்: டின்னு கதைக்கு கடைசில வரேன் சகோதரி, முதல்ல அந்த 5,500ஐ பார்ப்போம். நான் கேட்டேன்னு ஒரு மாச பில்லு எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புனீங்கல்ல, எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 21 தடவை வாங்கியிருக்கீங்க. அதுல பருப்பு, எண்ணெய், ரவைன்னு நிஜமாவே தீர்ந்துபோய் வாங்கினது 2,400 தான். மீதி 3,100 அந்த பருப்பு கூடவே ஒட்டிக்கிட்டு வந்த சிப்ஸ், பிஸ்கட், டெலிவரி சார்ஜ், அப்புறம் "இன்னும் 80 ரூபாய்க்கு வாங்கினா ஃப்ரீ டெலிவரி"ன்னு சேர்த்த சாமான். அதனால விலை குறைஞ்ச கடைய தேடறதை விட பருப்பு தீராம பார்த்துக்கறதுல தான் உங்களுக்கு காசு இருக்கு.

இதுக்கு வழி உங்க வீட்லயே ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. உங்ககிட்ட ரெண்டு சிலிண்டர் இருக்குன்னு சொன்னீங்க. ஒண்ணு தீர்ந்ததும் என்ன பண்றீங்க, இன்னொண்ண மாட்டிட்டு அன்னைக்கே புக் பண்ணிடறீங்க, எத்தனை கிலோ மிச்சம்னு யாரும் தூக்கிப் பார்த்து கணக்கு போடறதில்ல. மளிகைக்கும் அதே தான். ஓடற டப்பா ஒண்ணு, பின்னாடி உடைக்காத பாக்கெட் ஒண்ணு. அந்த பாக்கெட்ட யார் பிரிக்கறாங்களோ அவங்க கத்தரிக்கோல கீழ வைக்கறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல எழுதணும். எழுதற வேலை பிரிச்ச கைக்கு தான், வீட்டு அம்மாவுக்கு இல்ல.

ஆனா பின்னாடி எவ்வளவு வைக்கணும்ங்கறதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. "அரை கிலோவுக்கு கீழ போனா வாங்கணும்"னு குத்துமதிப்பா ஒரு அளவு வச்சிக்குவாங்க. உங்க வீட்ல துவரம்பருப்பு ஒரு நாளைக்கு சுமார் 125 கிராம், அதாவது ஒரு கிலோ 8 நாள் வரும். ஞாயித்துக்கிழமை கடைக்கு போறீங்க, டப்பால 600 கிராம் இருக்கு, அரை கிலோவுக்கு மேல தானேன்னு வாங்காம வந்துடறீங்க, திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் 500 போயிடும், வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு 100 கிராம் தான் நிக்கும், உடனே ஆப்ப திறப்பீங்க. தப்பு எங்கன்னா, மினிமம் அளவு அடுத்து கடைக்கு போற நாள் வரைக்கும் தாங்கணும், அதுக்கு மேல விருந்தாளிக்கு, கடைக்கு போக முடியாத நாளுக்குன்னு ஒரு ரெண்டு நாள். வாரம் ஒருதரம் போறீங்கன்னா 9 நாள் செலவு. பருப்புக்கு அது 1,125 கிராம், ஒரு பாக்கெட்டுக்கு கொஞ்சம் மேல, அதனால பருப்புக்கு மட்டும் பின்னாடி ரெண்டு பாக்கெட் வச்சிட்டு, ரெண்டு ஒண்ணாகும்போதே எழுதிடுங்க.

(மாசம் ஒருதரம் தான் கடைக்கு போவேன்னா இதே கணக்குக்கு சுமார் நாலு கிலோ தேங்கும். அதான் பெரிய பில்ல உடைச்சு வாரா வாரம் போங்கன்னு சொல்றேன்.)

அரிசிக்கு இது ஒத்து வராது, 25 கிலோ மூட்டைக்கு இன்னொரு மூட்டைய ஸ்பேரா வச்சா காசும் முடங்கும் வண்டும் வரும். தினம் 900 கிராம் போகுதுன்னு சொன்னீங்க, 9 நாளைக்கு 8 கிலோ. ஒருதரம் டிரம்மு காலியா இருக்கும்போது 8 கிலோ கொட்டி, அது நிக்கற உயரத்துல வெளிய மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க, அரிசி கோட்டுக்கு வந்தா லிஸ்ட்ல ஏறணும். கடுகு, வெந்தயம், பெருங்காயத்துக்கு ஸ்பேரே வேண்டாம், 100 கிராம் கடுகு ஒரு மாசத்துக்கு மேல வருது, டப்பா அடி தெரியும்போது எழுதினா போதும். மூணு பாக்கெட் சேர்ந்ததே "எதுக்கும் இருக்கட்டும்"னு மூணு பேர் தனித்தனியா வாங்கினதால தான?

தினம் எவ்வளவு போகுதுன்னு தெரியாத சாமானுக்கு தராசு எல்லாம் வேண்டாம், பாக்கெட் பிரிக்கற தேதிய அதுமேலயே எழுதுங்க, ரெண்டு பாக்கெட் தீர்ந்தா கணக்கு தானா வந்துடும். ரேஷன்ல வர்ற பருப்பு, பாமாயில் கையில வந்தப்புறம் தான் ஸ்டாக்கு, இந்த வாரம் போடுவாங்கன்னு நம்பி லிஸ்ட்ல இருந்து அடிக்காதீங்க.

லிஸ்ட்டு ஒண்ணே ஒண்ணு தான் இருக்கணும். வாட்ஸ்அப் குரூப்ல போட்டா "பருப்பு வேணும்"ங்கறது பசங்க ஸ்கூல் மெசேஜுக்கு மேல போயிடும், இல்லன்னா அவரும் வாங்கிட்டு வருவாரு நீங்களும் வாங்கிட்டு வருவீங்க. கூகுள் கீப் மாதிரி ரெண்டு போன்லயும் ஒரே லிஸ்ட் தெரியற ஆப் எடுத்துக்கங்க, சாமான் கூடையில விழுந்ததும் அங்கயே டிக் அடிக்கணும், வீட்டுக்கு வந்து அடிச்சுக்கலாம்னா அதுக்குள்ள இன்னொருத்தர் வாங்கிடுவாங்க. மாமியார் போன் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னீங்க, பகல்ல சமையக்கட்டு அவங்க கையில தான் இருக்கு, அவங்கள விட்டுட்டா இது ஒரு வாரம் கூட ஓடாது. கிழிச்ச காலண்டர் தாள ஒரு கிளிப்ல மாட்டி பென்சில் கட்டி தொங்க விடுங்க, அத்தை பின்பக்கத்துல எழுதட்டும், ராத்திரி பெரிய பையன் அத போன்ல ஏத்திட்டு தாள கிழிச்சு போட்டுடணும். கிழிக்கலைன்னா ரெண்டு லிஸ்ட் ஆயிடும், பழைய கதை தான்.

தீபாவளி பலகாரத்துக்கு, விசேஷத்துக்கு தனி லிஸ்ட் போடுங்க. அந்த மாச செலவ வச்சு மினிமத்த ஏத்தினீங்கன்னா அப்புறம் யாரும் இறக்க மாட்டாங்க. ரவையில வண்டு வந்தா அளவு அதிகம்னு அர்த்தம், ஒரு பாக்கெட் குறைங்க. ஒரே சாமானுக்கு மாசத்துல ரெண்டுதரம் பக்கத்து கடைக்கு ஓடினா அளவு பத்தலைன்னு அர்த்தம், இல்லன்னா யாரோ பிரிச்சிட்டு எழுதல, திட்டறதுக்கு முன்னாடி எதுன்னு பார்த்துக்கங்க.

இப்ப டின்னு. உங்களுக்கு மாசம் 4 லிட்டர் போகுது, 15 லிட்டர் டின்னு கிட்டத்தட்ட நாலு மாசம் வரும். லிட்டருக்கு 10 ரூபாய் மிச்சம்னே வச்சாலும் மொத்தம் 150 ரூபாய். டின்ன உடைச்சு நாலு மாசம் வச்சா கடைசியில சிக்கு வாடை வர வாய்ப்பு இருக்கு, டின்னு நிறைய இருக்கும்போது கையும் தாராளமா ஊத்தும், மாசத்துக்கு அரை லிட்டர் கூட போனாலே அந்த 150 காணாம போயிடும். அதுவும் நீங்க கிரெடிட் கார்டு பாக்கிய முழுசா கட்டாம தள்ளிக்கிட்டு வர்றீங்கன்னு கார்டு பில்லுல பார்த்தேன், கார்டு வட்டி மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல, அதுல டின்னு வாங்கி வச்சா தள்ளுபடிய பேங்க்குக்கு தான் கொடுக்கறீங்க. மொத்தமா வாங்கணும்னு ஆசையா இருந்தா புளி வாங்குங்க, அறுவடை சமயத்துல கொட்டை நீக்கி உப்பு போட்டு வச்சா வருஷத்துக்கும் கெடாது, அதையும் கைக்காசுல.

ஆறு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு அதுல கடைசி ஒரு மாச சில்லறை பில்லு மட்டும் மறுபடி அனுப்புங்க. 21 தடவை 8 ஆகியிருந்தா மிச்சமான காச முதல்ல கார்டு பாக்கிக்கு போடுங்க, எஸ்ஐபி எல்லாம் அதுக்கப்புறம்.