வாடகை மாதக் கணக்கு: ஒரு நாள் கூடினாலும் முழு மாதம் (கேள்வி பதில்)

கேள்வி: எக்செலில் A2-வில் தொடக்கத் தேதி, B2-வில் முடிவுத் தேதி. நாட்களை 30-ஆல் வகுத்து ROUNDUP போட்டால் ஆறு மாத ஒப்பந்தத்துக்கு ஏழு என்று காட்டுகிறதே?

பதில்: வகுக்கும் இடத்தில்தான் கோளாறு. 2025 ஜனவரி 15 முதல் ஜூலை 14 வரை, இரண்டு தேதியையும் சேர்த்தால் 181 நாட்கள். 30-ஆல் வகுத்தால் ஆறுக்குத் துளி மேலே போகிறது, ROUNDUP அதை ஏழாக்கிவிடுகிறது. குடியிருப்பவர் தலையில் இல்லாத ஒரு மாத வாடகை விழும். 30.44 என்று சராசரி போட்டாலும் தப்பிக்க முடியாது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் முழுசாக 62 நாள். அதை வகுத்தாலும் இரண்டைத் தாண்டி மூன்றாகிவிடும். நாட்களை விட்டுவிட்டு மாதத்தையே எண்ணுங்கள்:

```
=DATEDIF(A2,B2,"m")+1
```

எக்செல் இந்தப் பெயரைத் தானாக எடுத்துக் கொடுக்காது, முழுசாக நீங்களே தட்ட வேண்டும்.

கேள்வி: எப்போதும் +1 போட்டால் அதிகமாகிவிடாதா? மிச்ச நாள் இருந்தால் மட்டும் கூட்டுவதுதானே முறை? நான் இப்படி எழுதுகிறேன்:

```
=DATEDIF(A2,B2,"m")+(DATEDIF(A2,B2,"md")>0)
```

பதில்: யோசனை சரிதான், ஆனால் ஒரு நாளில் மட்டும் சறுக்கும். ஜனவரி 15-ல் குடிவந்தவருக்கு முதல் மாதம் பிப்ரவரி 14-ஓடு முடிகிறது. பிப்ரவரி 15-ம் தங்கினால் இரண்டாவது மாதம் பிறந்துவிட்டது. உங்கள் ஃபார்முலா அங்கே மிச்சம் பூஜ்யம் என்று பார்த்து ஒரு மாதம் என்கிறது. என்னுடையதில் 14-ம் தேதிக்கு 0+1, 15-ம் தேதிக்கு 1+1. கடைசி நாளும் வாடகை நாள்தான் என்பதால் அந்த +1 எப்போதும் இருக்க வேண்டும்.

அப்புறம், "md" வேண்டாம். மாதக் கடைசித் தேதிகளில் அது தப்பான எண் தருவதுண்டு, மைக்ரோசாஃப்டே அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

கேள்வி: B2-வில் நாங்கள் எழுதுவது வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்கும் தேதி. அந்த நாளுக்கு வாடகை கிடையாது.

பதில்: அப்படியானால் B2 இருக்கும் இடத்தில் B2-1 போடுங்கள். இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளாததால்தான் பாதிச் சண்டை வருகிறது. தலைப்பில் வெறும் ‘முடிவுத் தேதி’ என்று எழுதாமல் ‘கடைசியாகத் தங்கிய நாள்’ அல்லது ‘காலி செய்த நாள்’ என்று எழுதிவையுங்கள்.

கேள்வி: நான் மார்ச் 20 முதல் மே 5 வரை இருந்தேன். உரிமையாளர் மூன்று மாதம் கேட்கிறார். உங்கள் கணக்கில் இரண்டுதான். ஏமாற்றுகிறார்தானே?

பதில்: அவசரப்பட வேண்டாம், ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நான் சொன்னது குடிவந்த தேதியிலிருந்து எண்ணும் முறை. அதில் மார்ச் 20 – ஏப்ரல் 19 ஒன்று, ஏப்ரல் 20-க்கு மேல் இரண்டாவது. அவர் காலண்டர் மாதத்தை எண்ணியிருக்கலாம்: மார்ச், ஏப்ரல், மே, மூன்று. ‘மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கொள்ளப்படும்’ என்ற வரியை மட்டும் வைத்து இரண்டு பேருமே வாதாடலாம். வாடகை ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்று வேறு இடத்தில் இருந்தால் அவர் பக்கம்தான் பலம். அந்த முறைக்கு ஃபார்முலா இது:

```
=(YEAR(B2)-YEAR(A2))*12+MONTH(B2)-MONTH(A2)+1
```

கேள்வி: 10/04/2025 முதல் 09/07/2025 வரை. #NUM! வருகிறது.

பதில்: ஏப்ரல் 10, ஜூலை 9 என்று நினைத்துத் தட்டியிருக்கிறீர்கள். உங்கள் கணினி மாதத்தை முதலில் படிக்கிறது போல. அதற்கு அது அக்டோபர் 4, செப்டம்பர் 7. தொடக்கம் முடிவுக்குப் பின்னால் போய்விட்டது. செல் வடிவத்தை மாதப் பெயர் தெரிகிற மாதிரி மாற்றினால் உடனே தெரியும். இங்கே பிழை வந்தது நல்லதாயிற்று, மற்ற வரிசைகளில் சத்தமில்லாமல் தப்பான மாதம் வந்திருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: ஜனவரி 31-ல் தொடங்கி பிப்ரவரி 28-ம் தங்கிவிட்டுப் போனால்? ஒரு மாதம் கூட்டித் தரும் EDATE(A2,1) பிப்ரவரி 28 என்கிறது. அப்படியென்றால் அன்றைக்கு இரண்டாவது மாதம் தொடங்கிவிட்டது. உங்கள் DATEDIF ஃபார்முலா ஒரு மாதம் என்பது தப்பு என்பேன்.

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் 31 இல்லாததால் DATEDIF மார்ச் 1 வரை காத்திருக்கிறது, EDATE 28-க்கே இழுத்துவருகிறது. எனக்கு முதலாவதுதான் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் 29 நாள் தங்கியவரிடம் இரண்டு மாத வாடகை வாங்குவது உறுத்தும். ஆனால் உங்கள் வாதமும் நிற்கும். 29, 30, 31-ல் தொடங்கும் ஒப்பந்தங்களில் ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் முடிகிறது என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. நான் EDATE-ஐத்தான் விடப்போவதில்லை.

பதில்: சரி, ஆனால் எல்லா வீட்டுக்கும் அதையே போடுங்கள். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இன்னொன்று என்று மாற்றாதீர்கள்.