இரண்டே நாளில் வந்த ஏற்பு மடல்

“ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பி இரண்டே நாளில் ‘ஏற்கப்பட்டது, 48 மணி நேரத்தில் பணம் கட்டுங்கள்’ என்று மடல் வந்திருக்கிறது. நம்பலாமா?”

நம்ப வேண்டாம், பணமும் கட்டாதீர்கள். கட்டுரையை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். மதிப்பீட்டாளர்கள் படித்துக் கருத்து எழுதப் பெரும்பாலும் வாரங்கள் ஆகும்.

1. மதிப்பீட்டாளர்களின் கருத்துகளை முழுதாக அனுப்பச் சொல்லுங்கள். என் மாணவி ஒருத்தி கேட்டபோது வந்தது “நல்ல கட்டுரை, ஆங்கிலத்தைச் சரிபார்க்கவும்” என்ற ஒரே வரி. அவளுடைய அட்டவணை 2-இல் கூட்டுத்தொகையே தப்பு! படித்தவர் யாரும் அதை விட்டிருக்க மாட்டார்.

2. இதழுக்கென்று தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐ portal.issn.org-இல் தேடுங்கள். வேறொரு இதழின் பெயர் வந்தால் எண்ணைத் திருடியிருக்கிறார்கள். சரியான பெயரே வந்தாலும் தரத்துக்கு அது சான்றல்ல. அப்புறம் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களின் பட்டியலான doaj.org-இலும் பாருங்கள்.

‘யுஜிசி கேர்’ முத்திரை இருந்தால் மயங்காதீர்கள், அது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியல், அந்தப் பட்டியலை யுஜிசி 2025-இல் கைவிட்டுவிட்டது.

ஆனால் ஒன்று: புதிய நல்ல இதழும், சந்தா இதழும் doaj.org-இல் இல்லாமல் இருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதென்றால் மடலில் எழுதி அனுப்பி, பதிலை வாங்கிக்கொண்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள்.