கடைசித் தாளில் மட்டும் சீல் இருந்தால் போதுமா?

"கைமாற்றாகக் கொடுத்த 4 லட்சம் ரூபாய் திரும்பி வராததால் வழக்குப் போட்டிருக்கிறேன். மேனேஜர் சான்றளித்த ஸ்டேட்மென்ட் வாங்கி வாருங்கள் என்றார் வக்கீல். வங்கியில் 14 தாள் கொடுத்தார்கள். கடைசித் தாளில் மட்டும்தான் சீலும் கையெழுத்தும் இருக்கிறது. 8-ம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 1 என்று எண் ஆரம்பிக்கிறது. இப்படியே கொடுக்கலாமா, திருப்பிக் கொண்டுபோக வேண்டுமா?"

எப்படியும் இன்னொரு முறை கிளைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கிளம்புவதற்கு முன் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த 14 தாளையும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு குறைக்கும் ஒரு நடை என்று மூன்று நான்கு முறை அலைய வேண்டிவரும். கிளை மேலாளராக இருந்த காலத்தில் இந்த மாதிரி தாள்களில் நிறையக் கையெழுத்துப் போட்டவன் நான். கூட்ட நேரத்தில் அந்த மேஜையில் என்னென்ன விட்டுப்போகும் என்று தெரியும்.

முதலில் கடைசித் தாளை எடுங்கள். எல்லாரும் சீலைத் தேடுவார்கள், நீங்கள் சீலுக்கு மேலே இருக்கும் வாசகத்தைத் தேடுங்கள். வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டம் என்று 1891-ல் வந்த ஒரு பழைய சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வங்கிக் கணக்கின் சான்றிட்ட நகலை, வேறு சாட்சி இல்லாமலே முதல் தோற்றத்தில் நீதிமன்றம் ஏற்றுக்கொள்வது அதன் 4-வது பிரிவால்தான். வங்கி ஒரு தரப்பாக இல்லாத வழக்கில், தக்க காரணம் காட்டி நீதிமன்றம் உத்தரவு போட்டாலொழிய வங்கி அதிகாரியைக் கூண்டுக்கு வரச் சொல்ல முடியாது என்கிறது 5-வது பிரிவு. இந்தச் சலுகை எல்லாம் 'சான்றிட்ட நகல்' என்ற பெயருக்குத் தகுதியான தாளுக்கு மட்டும்தான். கணினியில் எடுத்த நகலுக்கு என்ன சான்று வேண்டும் என்பது 2ஏ பிரிவில் இருக்கிறது. இது கணக்கில் உள்ள பதிவின் அச்சுப்படிதான் என்று கிளை மேலாளரோ தலைமைக் கணக்கரோ சான்று தர வேண்டும். கணினி அமைப்பின் பொறுப்பாளர், தகவலை யாரும் மாற்றிவிடாமல் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதை ஒரு சான்றிலும், அந்த நேரத்தில் கணினி சரியாக இயங்கியது, அச்சில் இருப்பது அதில் உள்ள தகவல்தான் என்பதை இன்னொரு சான்றிலும் சொல்ல வேண்டும். பல வங்கிகளில் இதற்கென்று அச்சடித்த படிவம் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள்.

உங்கள் கடைசித் தாளில் வாசகம் எதுவுமே இல்லாமல், வரவு செலவு முடிந்த இடத்துக்குக் கீழே ஒரு சீலும் கையெழுத்தும் மட்டும் இருக்கிறது என்றால் அது சான்றிட்ட நகல் ஆகாது, சீல் குத்திய ஸ்டேட்மென்ட், அவ்வளவுதான். விசாவுக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'இது கணினியில் உருவானது, கையெழுத்துத் தேவையில்லை' என்று அடியில் தானாக அச்சாகி இருக்கும், அதன் மேலேயே மேனேஜர் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த வரி இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அந்த வரியைக் காட்டி கையெழுத்தே வேண்டாம் என்று கவுன்டரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது கையெழுத்து. சட்டம் கேட்கும் அதிகாரி யார் என்று மேலே சொன்னேன். அதனால் கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் தெளிவாக இருக்க வேண்டும், பக்கத்தில் தேதி வேண்டும். வெறும் கிறுக்கல் ஒன்று, கீழே 'கிளை மேலாளருக்காக' என்ற ரப்பர் ஸ்டாம்ப், பெயர் இல்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "போட்டது யார்?" என்பதாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பதில் தெரியாது. மேனேஜர் லீவில் இருந்து இன்னொரு அதிகாரி பொறுப்பில் இருந்தால் 'பொறுப்பு' என்று பதவியிலேயே எழுதச் சொல்லுங்கள், பணியாளர் எண்ணையும் போட்டுவிட்டால் மூன்று வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போயிருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தேதியை மட்டும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். ஸ்டேட்மென்ட் எடுத்த தேதி தாளின் தலைப்பிலோ அடியிலோ அச்சாகியிருக்கும். சான்றில் உள்ள தேதி அதே நாளாகவோ பிந்தியதாகவோ இருக்க வேண்டும். 12-ம் தேதி அச்சான தாளுக்கு 10-ம் தேதி போட்ட சான்று என்றால், பழைய சான்றுத் தாளைப் புதுக் கட்டில் கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது நடக்காத விஷயம் இல்லை.

சீலைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வித்தியாசமானது. 1891 சட்டம் கேட்பது தேதி, கையெழுத்து, பெயர், பதவி. சீலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனாலும் கிளையின் பெயர் தெரிகிற சீல் இல்லாத தாளை எந்த வக்கீலும் நிம்மதியாகத் தாக்கல் செய்ய மாட்டார், அதனால் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த சீல் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கவுன்டரில் பணம் கட்டும்போது சலானில் குத்தும் தேதி முத்திரையும் வட்டமாகத்தான் இருக்கும், அவசரத்தில் அதையே குத்திவிடுவார்கள். அதில் 'பணம் பெறப்பட்டது' என்று இருக்கும். கிளையின் பெயர் படிக்கிற மாதிரி விழுந்திருக்கிறதா, மை பாதி பட்டு பாதி படாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். சான்று கடைசித் தாளில் இருக்கிறது. அது மற்ற 13 தாளையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? பக்க எண்தான். கையெழுத்து இல்லாத தாள் ஒன்றை உருவி வேறொன்றைச் செருகினால் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை, அதனால்தான் எண் தொடர்ச்சியை இவ்வளவு பார்க்கிறார்கள்.

8-க்கு அப்புறம் 1 வருவதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். இரண்டு நிதியாண்டுக்குத் தனித்தனியாக எடுத்திருப்பார்கள், முதல் ஆண்டு 8 பக்கம், இரண்டாவது ஆண்டு 6 பக்கம். அப்படித்தானா என்று தெரிந்துகொள்ள இருப்புத்தொகையைப் பாருங்கள். முதல் கட்டின் 8-ம் பக்கத்தில், 31-03-2023 அன்று இருப்பு 62,418 ரூபாய் என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கட்டின் முதல் பக்கத்தில் ஆரம்ப இருப்பும் 62,418 என்றே இருந்தால் நடுவில் ஒன்றும் விட்டுப்போகவில்லை, எண் மட்டும்தான் புதிதாக ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அங்கே 67,418 என்று இருந்தால்? தலைப்பில் உள்ள காலத்தைப் பாருங்கள், '03-04-2023 முதல்' என்று இருக்கும். ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்பு, 2 ஞாயிறு, கிளை திறந்தது 3-ம் தேதி என்று யாரோ யோசித்துத் தேதி போட்டிருக்கிறார். கிளை மூடியிருந்தாலும் யுபிஐ மூடவில்லை. அந்த இரண்டு நாளில் 5,000 ரூபாய் வரவாகியிருக்கிறது. அதை அனுப்பியது உங்கள் எதிராளியாகவே இருந்துவிட்டால், "கடனில் ஒரு பகுதியை அடைத்தேன், அந்த வரவை மறைத்துத் தாள் கொண்டுவந்திருக்கிறார்" என்று சொல்ல அவருக்கு நீங்களே வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகும்.

இதே கணக்கை ஒவ்வொரு பக்க மாற்றத்திலும் போடுங்கள். 4-ம் பக்கத்தின் கடைசி வரியில் இருப்பு 1,10,250 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தாளின் முதல் வரியில் 1,500 பற்று, இருப்பு 95,750. பற்றைத் திரும்பக் கூட்டினால் 97,250, அதாவது அந்த வரிக்கு முன் இருப்பு 97,250 ஆக இருந்திருக்க வேண்டும். 1,10,250-க்கும் அதற்கும் நடுவே 13,000 காணவில்லை, ஆக ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறது. எண்ணைப் பார்த்தால் 4-க்கு அப்புறம் 6. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு பிரிண்டரில் ஒன்றாக வந்திருக்கலாம், அல்லது கோக்கும்போது கீழே விழுந்திருக்கலாம். ஒரு முறை என் மேஜைக்கு அடியிலேயே அப்படி ஒரு தாள் கிடந்து, மாலை பெருக்க வந்தவர் எடுத்துக் கொடுத்தார். வாடிக்கையாளர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார். 14 தாளுக்கு 13 சந்திப்புதான், பத்து நிமிடம் ஆகாது. கூடவே ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் உங்கள் கணக்கு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தால் பின்பக்கத்தை மறக்காதீர்கள், தாள் எண்ணிக்கையும் பக்க எண்ணிக்கையும் வேறாகிவிடும்.

கிளைக்குப் போனதும் முதலில் முழுக் காலத்துக்கும் ஒரே கட்டாக எடுத்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். எடுக்க முடிந்தால் எண் பிரச்சினையே இல்லை. பழைய பதிவு என்பதால் ஆண்டு வாரியாகத்தான் வரும் என்றால், சான்று வாசகத்திலேயே இன்ன கணக்கு எண், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, முதல் கட்டு 8 பக்கம், இரண்டாவது கட்டு 6 பக்கம், மொத்தம் 14 பக்கங்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் மேனேஜரின் சுருக்கொப்பமும் கிளை சீலும் வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டாயம் என்று சட்டத்தில் வரி இல்லைதான், ஆனால் தாள் மாற்றப்பட்டது என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும். 1 முதல் 14 வரை பேனாவில் தொடர் எண் போடுவதாக இருந்தால் அதையும் அவரே போட்டுச் சுருக்கொப்பம் இடட்டும். நீங்கள் போட்டால் அது சான்றிட்ட நகலில் செய்த திருத்தம். எதிராளிக்கு அனுப்பிய 4 லட்சம் எந்த வரியில் இருக்கிறது என்று ஹைலைட்டரால் மஞ்சள் பூசுவதும் வேண்டாம், அதை ஜெராக்ஸில் செய்யுங்கள்.

ஜெராக்ஸ் என்றதும் இன்னொன்று. கடைக்காரர் வேகமாக எடுக்க ஸ்டேப்ளரைப் பிரித்துவிடுவார், திரும்ப அடிக்கும்போது தாள் முன்பின் ஆகிவிடும், மூலையில் இரண்டு ஜோடி ஓட்டை விழும். ஒரு ஜோடி சில தாள்களில் மட்டும் இருந்தால் குறுக்கு விசாரணையில் அதையும் கேட்பார்கள். பிரிக்காமல் புரட்டி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது கிளையிலேயே இரண்டு செட் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டாவது செட்டுக்குக் கட்டணம் பிடிப்பார்கள், பரவாயில்லை.

வக்கீலிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது, மின்னணு ஆவணத்துக்கு முன்பு 65பி பிரிவில் கேட்ட சான்றை இப்போது 63-வது பிரிவில், அட்டவணையில் உள்ள இரண்டு பகுதிப் படிவத்தில் கேட்கிறார்கள். 2ஏ சான்றோடு இதையும் சேர்த்து வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், ஆனால் நீங்கள் கிளைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்யட்டும். வேண்டும் என்றால் படிவத்தை அவரிடமே அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். மாதத்தின் முதல் வாரமும் மார்ச் கடைசியும் வேண்டாம், மதியம் 3 மணிக்கு மேல் போனால் மேனேஜருக்கு 14 தாளையும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட நேரம் இருக்கும்.