ஷிப்ட் சாப்ட்வேருக்குப் பணம் கேட்டு மேனேஜருக்கு எழுதுவது எப்படி?

இருபது வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூர், எக்ஸ்போர்ட் கம்பெனி உதவியாளர்: அக்கா, எங்களிடம் 140 பேர். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு லீவு என்று போடும் சாப்ட்வேருக்கு ஆளுக்கு மாதம் 70 ரூபாய் கேட்கிறார்கள். சூப்பர்வைசருக்குத் தினம் 2 மணி நேரம் மிச்சம், மாதம் 7,800 ரூபாய் லாபம் என்று எழுதினேன். மேனேஜர் சிரித்துவிட்டார். மூன்று மாத ஓ.டி. சீட்டும் அனுப்பியிருக்கிறேன்.

சிரித்ததில் தப்பில்லை தம்பி. நேரம் மிச்சமானால் சூப்பர்வைசர் சம்பளத்தில் 7,800 பிடிக்கப் போகிறீர்களா? அதை ஒரு வரியாக எழுதுங்கள், ரூபாயாக எழுதாதீர்கள்.

பணம் ஓ.டி.யில் இருக்கிறது. உங்கள் சீட்டுகளில் மாதம் சராசரி 310 மணி நேரம் வருகிறது. பாதிக்கு மேல் அவசர ஆர்டரும் மெஷின் ரிப்பேரும்தான், அதை எந்தச் சாப்ட்வேரும் தடுக்காது. ‘ஆள் இல்லை’ என்று எழுதியிருப்பது 120 மணி நேரம். அதிலும் சொல்லாமல் நின்றவர்களைக் கழித்தால், ஒரே நாளில் இரண்டு பேருக்கு லீவு கொடுத்துவிட்டு முழித்தது 60 மணி நேரம். சாப்ட்வேர் பிடிப்பது இதை மட்டும்தான்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். ஷிப்டுக்கு 600 ரூபாய் என்றால் மணிக்கு 75, ஓ.டி. இரட்டிப்பாக 150. உடனே 60 × 150 = 9,000 மிச்சம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் வேலை காணாமல் போகாதே! அதே வேலையைச் சாதாரண நேரத்தில் ஒருவர் செய்வார், அவருக்கு 75 கொடுத்தாக வேண்டும். மிச்சமாவது ஓ.டி.க்கு மேற்கொண்டு கொடுக்கும் 75 மட்டும், அதாவது மாதம் 4,500. சாப்ட்வேர் செலவோ 9,800.

அதனால் 140 பேருக்கும் கேட்காதீர்கள். அந்த 60 மணி நேரத்தில் 50, செக்கிங், அயர்னிங், பேக்கிங்கில் வந்திருக்கிறது. அங்கே 45 பேர். டெய்லர்கள் பீஸ் ரேட், அவர்கள் வேண்டாம். செலவு 3,150, மிச்சம் 3,750. சின்ன லாபம்தான், ஆனால் மேனேஜர் கால்குலேட்டரை எடுத்தாலும் நிற்கும்.

கரூர், கணக்காளர்: 18 சதவீத ஜி.எஸ்.டி.யை விட்டுவிட்டீர்களே? 567 ரூபாய் சேர்த்தால் லாபமே 33 ரூபாய்தான்.

கணக்கு சரி, ஆனால் அவர்கள் எக்ஸ்போர்ட் கம்பெனி. அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் கையை விட்டுப் போகும் தொகை என்பதால் தனி வரியில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஈரோடு, தனியார் மருத்துவமனை நர்சிங் பொறுப்பாளர்: எங்களுக்கும் அப்படித்தானா?

இல்லைங்க. சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் அதற்காக வாங்குவதில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 18 சதவீதத்தை முழுச் செலவாகவே எழுதுங்கள்.

சோமனூர், தறிக்காரர்: எனக்கு 8 தறி, 5 ஆள். எந்தத் தறி எவ்வளவு ஓடியது என்று இது சொல்லுமா?

அது வேறு சமாச்சாரம் அண்ணா, இது ஆளுக்கு ஷிப்ட் போடுவது. 5 ஆளுக்குச் சுவரில் ஒரு காலண்டர் போதும்.

பல்லடம், மில் எச்.ஆர்.: ஓ.டி. குறைந்தால் ஆட்கள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்களே. அதையெல்லாம் எழுதினால் பணம் கிடைக்குமா?

ரிஸ்க் என்ற தலைப்பில் முதல் வரியே அதுதான். நான் இருந்த ஒரு கம்பெனியில் ஷிப்டைச் சீராக்கிய மூன்றாவது சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு அயர்ன் மாஸ்டர்கள் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் கிடைக்கும் என்றுதான் வந்தவர்கள். புது ஆளுக்கு அலைந்ததில் மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று. திங்கட்கிழமை வருகை குறைய ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. ஓ.டி.யைச் சுழற்சியில் பங்கு போட்டுப் பார்த்தோம், பாதிப் பேருக்குப் பிடித்தது, பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. எனக்கே இன்னும் இதற்கு வழி தெரியவில்லை.

திருப்பூர் உதவியாளர் மறுபடியும்: போன சீசனில் பேக்கிங் முடியாமல் கப்பலை விட்டு, சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்தச் செலவைச் சேர்க்கலாமா?

கூட்டலில் சேர்க்காதீர்கள். பில் தொகையையும் அன்று பேக்கிங்கில் எத்தனை பேர் குறைவு என்பதையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். அதை மேனேஜரே எடைபோடட்டும்.

அப்புறம், ஒரு வருடத்துக்குக் கேட்காமல் மூன்று மாதத்துக்கு 9,450 கேளுங்கள். குறைந்தது இத்தனை பேருக்கு வாங்கினால்தான் உண்டா, நின்றுபோன ஆளின் இடத்தில் புது ஆளைச் சேர்க்கலாமா என்று விற்பவரிடம் முதலில் எழுதி வாங்கிவிடுங்கள். அந்த 45 பேரிடம் ஓ.டி. மாதம் 42 மணி நேரமாவது குறையாவிட்டால் நிறுத்திவிடுகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், 3,150ஐ 75ஆல் வகுத்தால் வருவது அதுதான். தீபாவளி மாதத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், ஆள் ஊருக்குப் போனதா சாப்ட்வேர் வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாது.