ஏற்றத்தில் ஏறுவது எது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறேன். ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரானை இழப்பது என்று எத்தனை முறை படித்தாலும் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறேன். பெயரிலேயே 'ஏற்றம்' இருக்கும்போது அது எப்படி இழப்பு ஆகும்? நண்பன் சொன்ன 'ஆயில் ரிக்' எனக்கு ஒட்டவே இல்லை. மறக்காதபடி ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் ஞாபகசக்தியில் குறை இல்லை. 'ஏற்றம்' என்ற சொல்லைக் கொண்டுபோய் எலக்ட்ரானில் மாட்டுகிறீர்கள், அங்கேதான் இடறுகிறது. அந்தச் சொல் எலக்ட்ரானைப் பற்றியதே இல்லை.

எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897-இல். ஆக்சிஜனேற்றம் என்ற கருத்து அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தியது. செம்பைக் காற்றில் நன்றாகச் சூடாக்கினால் மேலே கறுப்பாகப் படிகிறதே, அது காப்பர் ஆக்சைடு. செம்பின் மேல் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது, அதனால் ஏற்றம். அந்தக் கறுப்புத் தூளைச் சூடாக்கி, அதன் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் ஆக்சிஜன் நீராகப் போய்விடும், செம்பு மிஞ்சும். 79.5 கிராம் ஆக்சைடு 63.5 கிராம் செம்பாகச் சுருங்கிவிடும். இப்படி எடை ஒடுங்குவதை வைத்தே 'ஒடுக்கம்' என்பதை நினைவில் கொள்ளலாம்.

பின்னால் எலக்ட்ரான் தெரிய வந்தபோது, உள்ளே நடப்பது என்ன என்பதும் தெரிந்தது. செம்பு அணுவில் 29 புரோட்டான், 29 எலக்ட்ரான். கணக்கு நேராக இருப்பதால் மின்சுமை 0. ஆக்சிஜன் அதிலிருந்து இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. இப்போது 29 புரோட்டானுக்கு 27 எலக்ட்ரான்தான், அதாவது Cu²⁺. எலக்ட்ரான் எதிர்ச்சுமை உள்ளது என்பதால், அது போகப் போக அணுவின் மின்சுமை எண் கூடுகிறது. 0 ஆக இருந்தது +2 ஆக ஏறிவிட்டது.

சரி, இப்போது 'ஏற்றம்' என்ற சொல்லை இந்த எண்ணில் மாட்டிவிடுங்கள்:

எண் ஏறினால் ஏற்றம். எண் ஒடுங்கினால் ஒடுக்கம்.

எலக்ட்ரான் எப்போதும் இதற்கு எதிர்ப்பக்கம். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்கிய நீண்ட மரம். ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும். ஒரு முனையில் எண், மறுமுனையில் எலக்ட்ரான். எண் மேலே போகிறது என்றால் எலக்ட்ரான் கீழே போயிருக்கிறது. ஏற்றத்தைப் பார்த்ததில்லை என்றால் பூங்காவில் இருக்கும் சீசா போதும். ஆனால் இந்தக் கருவியின் பெயரே 'ஏற்றம்' என்பதால் தேர்வு நேரத்தில் அதுதான் சட்டென்று கைகொடுக்கும். ஆயில் ரிக் என்பது 'ஆக்சிடேஷன் இஸ் லாஸ், ரிடக்‌ஷன் இஸ் கெய்ன்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். தமிழில் எழுதும்போது அந்த எழுத்துகளே கண்ணில் படாது. ஒட்டாமல் போனதில் வியப்பில்லை.

இதை ஒரு ஆணியில் போட்டுப் பார்ப்போம். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசல், அதாவது காப்பர் சல்பேட், இருக்கும். ஆணியை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, நீலக் கரைசலில் கால் மணி நேரம் விடுங்கள். ஆணியின் மேல் செம்பழுப்பாகப் படியும், நீலம் வெளுத்து மெல்லப் பச்சை சாயல் வரும். சமன்பாடு இது:

Fe + CuSO₄ → FeSO₄ + Cu

ஒவ்வொன்றின் கீழும் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். இடப்பக்கம் Fe தனியாக இருக்கிறது, அதனால் 0. வலப்பக்கம் சல்பேட்டோடு இருக்கிறது, அதனால் +2. ஏறியிருக்கிறது, ஆகவே இரும்புக்கு ஆக்சிஜனேற்றம். செம்பு +2-இலிருந்து 0-க்கு ஒடுங்கியிருக்கிறது, ஆகவே அதற்கு ஒடுக்கம். சல்பேட் அப்படியே இருக்கிறது, அதைத் தொடவேண்டாம். இதற்கு அப்புறம்தான் எலக்ட்ரானை எழுத வேண்டும்:

Fe → Fe²⁺ + 2e⁻
Cu²⁺ + 2e⁻ → Cu

எலக்ட்ரானை எந்தப் பக்கம் போடுவது என்ற சந்தேகம் வந்தால் இருபுற மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். முதல் வரியில் இடப்பக்கம் 0. வலப்பக்கம் +2-உம் −2-உம் சேர்ந்து 0. தவறுதலாக 2e⁻ ஐ இடப்பக்கம் போட்டிருந்தால் −2-உம் +2-உமாக நிற்கும், உடனே பிடிபடும். விடைத்தாளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். சரிபார்க்கப் பத்து விநாடி போதும்.

சோதனையில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கடையில் வாங்கும் ஆணி சிலவற்றில் துத்தநாகப் பூச்சு இருக்கும். அப்படியானால் முதலில் துத்தநாகம்தான் எலக்ட்ரானைக் கொடுக்கும். படிவு கறுப்பாக, பஞ்சுபோல வரும், கரைசல் பச்சையாகாமல் நிறமில்லாமல் வெளுக்கும். அதைப் பார்த்து 'இரும்பு வினைபுரியவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம், மயில்துத்தம் நச்சு. வீட்டுப் பாத்திரத்தில் செய்ய வேண்டாம்.

உங்களை அடுத்துக் குழப்பப்போவது 'ஆக்சிஜனேற்றி' என்ற சொல். மேலே சொன்ன வினையில் இரும்பின் எண்ணை ஏற்றிவிட்டது யார்? Cu²⁺. ஆக, அதுதான் ஆக்சிஜனேற்றி. ஆனால் அது தான் ஒடுங்கியிருக்கிறது. 'ஊட்டி' என்றால் ஊட்டுபவர், உண்பவர் அல்ல. அதேபோல 'ஏற்றி' என்றால் இன்னொன்றை ஏற்றுவது.

இதை எண்ணில் மாட்டச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. மீத்தேன் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது கார்பன் எலக்ட்ரானை முழுதாகத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. பங்கிட்டுக்கொண்ட எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய்கின்றன, அவ்வளவுதான். 'இழந்ததா, பெற்றதா' என்று மட்டும் கேட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஆக்சிஜனேற்ற எண்ணைப் பார்த்தால் கார்பன் −4-இலிருந்து +4-க்கு ஏறியிருக்கிறது. விடை தெளிவு. எதிர்க்குறியைக் கவனியுங்கள்: −4-இலிருந்து −2 ஆனாலும் ஏற்றம்தான். எண்கோட்டில் வலப்பக்கம் நகர்ந்தால் ஏற்றம்.

எலக்ட்ரான் உண்மையிலேயே நகர்கிறதா என்று கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆணியை இரும்பு சல்பேட் கரைசலிலும் செம்புத் தகட்டைக் காப்பர் சல்பேட் கரைசலிலும் தனித்தனிக் கோப்பையில் வைத்து, உப்புப் பாலம் போட்டு, வோல்ட்மீட்டரில் கம்பியால் இணைத்தால் முள் நகரும். திட்ட நிலையில் கணக்குப்படி 0.78 வோல்ட். கம்பியை நேராக இணைத்துவிட்டால், ஆணியிலேயே நேரடியாகக் கைமாறிய அதே இரண்டு எலக்ட்ரான்கள் இப்போது கம்பி வழியாகச் சுற்றிப் போகும். இங்கே ஆணிதான் ஆனோடு. ஆனோடில் ஆக்சிஜனேற்றம், ஆவுக்கு ஆ. தமிழில் அதை 'நேர்மின்வாய்' என்று எழுதும்போது மட்டும் எச்சரிக்கை: இந்த மின்கலத்தில் அது எதிர்முனையாகத்தான் இருக்கும்.